அய்யா அவர்களின் சீரிய வழிகாட்டுதலில்

ஒருவர் கஷ்டப்பட்டு எழுதிக்கொண்டு வந்ததை வாசித்துவிட்டு, முகத்துக்கு நேராக "அப்படின்னா என்னங்க?" என்று கேட்பது மரியாதை இல்லை என்பது என் கட்சி. அக்சிலியாவைப் பார்த்த முதல் நாளே அவர் அதைத்தான் கேட்டார். ஒரு தடவை இல்லை, வரிக்கு வரி கேட்டார்.

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கிறது அவர்கள் கடை. பலகையில் 'ஆண்ட்ரூஸ் ஜெராக்ஸ்' என்று இருக்கும். ஆண்ட்ரூஸ் அவருடைய கணவர். ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷனும் அவர் பொறுப்பு. உள்ளே தள்ளி, ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால், வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்சிலியா உட்கார்ந்திருப்பார். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ரெஸ்யூம் போட்டுத் தருவது அவர் வேலை. சும்மா டைப் அடித்துத் தரும் கடை என்று நினைத்துத்தான் நான் போனேன்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மோகன்குமார். வீடு நாமகிரிப்பேட்டை. நாமக்கல்லில் தங்கமுத்து என்பவரின் முட்டை லாரி ஆபீஸில் பல வருஷமாக வண்டி அனுப்பும் வேலை பார்த்தேன். எந்த வண்டி எந்தப் பண்ணையில் ஏற்றி, எந்த டிரைவரோடு, கேரளாவில் எந்த வியாபாரிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் என் மேஜையில்தான். ஓனருக்கு வயதாகிவிட்டது, மகன்களுக்கு லாரியில் ஆசையில்லை. வண்டிகளை விற்கப்போகிறேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். கைவிட்டுவிடவில்லை. நாக்பூரில் அவர் மைத்துனரின் லாரி ஆபீஸில் எனக்கு இடம் கேட்டு வைத்திருந்தார். மகள் பத்தாம் வகுப்பு. மாமனாருக்கு டயாலிசிஸ், அவரைக் கூட்டிப்போய் வருவது என் மனைவி மலர்விழிதான். நாக்பூர் என்றால் நான் தனியாகத்தான் போக வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறை வந்து போகலாம்.

அந்தச் சமயம் எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில், பண்ணைகளுக்குத் தீவன வண்டி அனுப்பும் பிரிவுக்குப் பொறுப்பாளர் தேவை என்று கேள்விப்பட்டேன். காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வரலாம். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு வேண்டும் என்பதால்தான் ரெஸ்யூமை மூன்று பக்கத்துக்குப் போட்டிருந்தேன்.

பாதி என் போன் எழுதித் தந்தது. இப்போதுதான் போனிடம் கேட்டால் எதையும் எழுதித் தருகிறதே. ஆங்கிலம் அப்படியே தளதளவென்று இருந்தது. மீதியை நான் சேர்த்தேன். அந்த மீதிதான் பின்னால் பிரச்சினையானது.

அக்சிலியா முதல் வரியை வாசித்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'சவால்கள் நிறைந்த சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பங்களிக்க விழைகிறேன்.'

"அப்படின்னா என்னங்க?"

"வேலை வேணும்னு அர்த்தங்க."

"வேலை வேணும்னுதானே அனுப்பறீங்க. அது அவங்களுக்குத் தெரியுமே."

எனக்குச் சுருக்கென்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கிண்டலும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற முகம். அந்த முகத்தோடு சண்டை போடுவது கஷ்டம்.

அடுத்த வரி: 'முடிவுகளை நோக்கி இயங்கும் துடிப்பான, கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து செயல்படுபவர். அழுத்தமான சூழலிலும் நிதானம் தவறாதவர்.' இதை வாசித்துவிட்டு அவர் திரும்பிப் பார்த்தார். லேமினேஷனுக்காக ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சென்றாயன் என்று பெயர். நெய் வியாபாரி. சட்டையில் வாசனையே சொன்னது.

"ஏங்க, நான் ஒண்ணு வாசிக்கறேன். உங்களுக்குப் பொருந்துதான்னு சொல்லுங்க. கடினமா உழைப்பீங்களா?"

"பின்ன இல்லாமயா? கோழி கூப்பிட எந்திரிச்சர்றனுங்க."

"நாலு பேரோட சேந்து வேலை செய்வீங்களா?"

"செய்வனுங்க."

"நெருக்கடியில நிதானமா இருப்பீங்களா?"

"அது என்ற சம்சாரத்தைக் கேட்டாத் தெரியுமுங்க. ஆனா இருப்பன்."

அக்சிலியா என் பக்கம் திரும்பினார். "பாருங்க, இந்த வரி அவருக்கும் பொருந்துது. தீவனக் கம்பெனிக்கு நூறு பேர் போட்டாங்கன்னா நூறு பேருக்கும் பொருந்தும். உங்களைத் தேடறவங்க கண்ணுக்கு நீங்க எப்படித் தெரிவீங்க?"

நெய் வியாபாரியோடு என்னைச் சேர்த்து நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. "அப்ப நானு கடின உழைப்பாளி இல்லீங்களா?" என்றேன் வெடுக்கென்று.

"இருக்கீங்கன்னுதான் நினைக்கிறேன். எதை வச்சு நினைக்கறதுன்னுதான் கேக்கறேன்."

அன்று சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன். மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில்தான் அவர் கதையை அவரே சொன்னார். இதுவும் நான் கேட்டதால்தான். ஒரு மனுஷி இப்படி ஏன் நோண்டுகிறார் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

அக்சிலியா பிறந்தது வளர்ந்தது எல்லாம் சேலம் டவுன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அங்கே ஆள் எடுத்துத் தரும் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தார். மில்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கடைகளுக்கும் ஆள் வேண்டுமென்றால் அந்த ஆபீஸில் சொல்வார்கள். வந்து குவியும் ரெஸ்யூம்களை முதலில் பார்ப்பது அவர்தான். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்தான் ஒரு ரெஸ்யூமுக்கு. அதற்குள் கண்ணில் எதுவும் சிக்காவிட்டால் அது மறுபக்கக் குவியலுக்குப் போய்விடும்.

ஒரு நாள் ஆபீஸ் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் ரொம்ப நேரம் எதையும் கழற்றவில்லை. பக்கத்தில் குந்தி, ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டு, புகையைப் பார்த்துவிட்டு, நேராக டீசல் குழாயில் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்க காத்து இழுக்குதுங்க" என்றாராம். சரியாக அதுதான். பெயரைக் கேட்டபோது சடையன் என்றார். எங்கேயோ பார்த்த பெயராக இருக்கிறதே என்று தேடினால், போன மாதம் ஒரு மில்லின் பராமரிப்பு வேலைக்கு அவர் விண்ணப்பித்திருக்கிறார். மறுபக்கக் குவியலில் இருந்தது.

"எடுத்துப் பாத்தேன். 'துடிப்பானவர், குழு மனப்பான்மை, பல்வேறு பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன'ன்னு இருந்துச்சு. காதால கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்கற ஆளு அதுக்குள்ள எங்க இருக்காருன்னு தேடித் தேடிப் பாத்தேங்க. இல்லவே இல்லை. அவரே அவரை மறைச்சு வச்சிருக்காரு."

அந்த மில் வேலைக்கு அதற்குள் ஆள் போட்டுவிட்டார்கள். அக்சிலியாவுக்கு அது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. பிறகு ஆண்ட்ரூஸ் ராசிபுரத்தில் கடை போட்டபோது சேலத்து வேலையை விட்டுவிட்டு வந்தார். வேறு வேலை தேடலாம் என்று தன் ரெஸ்யூமை எழுத உட்கார்ந்தால், முதலில் கையில் வந்தது என்ன தெரியுமா? 'ஆள்சேர்ப்புப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்.' இதைச் சொல்லும்போது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆண்ட்ரூஸ் மெஷின் பக்கமிருந்து, "அன்னைக்கு ராத்திரி சோறு ஆக்கலைங்க. அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா" என்றார்.

மழை விட்டும் நான் போகவில்லை. என் தாளை மறுபடி அவர் முன்னால் தள்ளினேன்.

வேலை பற்றிய பகுதிக்கு வந்தோம். 'வாகன இயக்கம் தொடர்பான பல்வேறு பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்.'

"பொறுப்பா இருந்தீங்க, சரி. காலைல ஆபீஸுக்குப் போனதும் என்ன பண்ணுவீங்க?"

சொன்னேன். பண்ணைகளுக்குப் போன் போட்டு எவ்வளவு முட்டை இருக்கிறது என்று கேட்பேன், வியாபாரிகள் கேட்டதோடு பொருத்துவேன், பதினோரு வண்டியில் எது எங்கே போவது என்று முடிவு செய்வேன். அவர் எழுதினார்: 'தினமும் பதினோரு முட்டை லாரிகளுக்கு, எந்தப் பண்ணையில் ஏற்றி கேரளாவில் எந்த வியாபாரிக்குப் போக வேண்டும் என்று திட்டமிட்டு அனுப்பினேன்.' வாசித்தேன். புதிதாக ஒரு பெருமையும் சேர்க்கவில்லை. ஆனால் அதில் நான் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பெஞ்சில் இன்னும் இருந்த சென்றாயனிடம், "இது உங்களுக்குப் பொருந்துமுங்களா?" என்று நானே கேட்டேன். "நமக்கு ஆகாதுங்க சாமி. எனக்கு ஒரு டிவிஎஸ்தான்" என்றார்.

'ஓட்டுநர்களுடன் நல்லுறவு பேணப்பட்டது.'

"யார் பேணுனது?"

"நாந்தான்."

"எப்படி?"

யோசித்தேன். நல்லுறவை எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது? கடைசியில், புதிதாக வரும் டிரைவரைத் தனியாக அனுப்பாமல் முதல் சில நடை பழைய டிரைவரோடு ஏற்றிவிடுவேன், வளைவில் எப்படி மெதுவாகத் திருப்பினால் தட்டு சாயாது என்று அவர்களுக்குள்ளேயே பழகட்டும் என்று, அதைச் சொன்னேன். அவர் கண் பெரிதானது. முட்டைத் தட்டு எப்படி அடுக்குவார்கள், எந்தப் பக்கம் முதலில் உடையும், உடைந்ததற்கு யார் பொறுப்பு, எல்லாம் கேட்டார். ரெஸ்யூமுக்குத் தேவையானது ஒரு வரிதான். மற்றதெல்லாம் அவருடைய சொந்த ஆசைக்குக் கேட்டது. கடலை தீர்ந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

'எரிபொருள் செலவு கணிசமாகக் குறைக்கப்பட்டது.'

"எவ்வளவு?"

"நல்லாவே கொறைஞ்சுதுங்க."

"நீங்க என்ன பண்ணி?"

இதில் மாட்டிக்கொண்டேன். நான் ஒன்றும் பண்ணவில்லை. பழைய வண்டிகளை விற்று ஓனர் புது வண்டி எடுத்தார், டீசல் தானாகக் குறைந்தது. சொன்னேன்.

"அப்ப இது வண்டியோட ரெஸ்யூம்ல வர வேண்டியது" என்று சொல்லி அடித்துவிட்டார். "ஒரு சதவீதம் போட்டுக்கலாமுங்களே, இருபதுன்னு?" என்று நான் கேட்டதற்கு, "எப்படிக் கணக்குப் போட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க? தெரியாத நம்பர் வேண்டாங்க. தெரிஞ்சது மட்டும் போதும்" என்றார். தகப்பனார் பெயர், ரத்த வகை, 'மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்' எல்லாம் போயின. மூன்று பக்கம் கரைந்து ஒரு பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. என் சட்டையை ஒவ்வொன்றாகக் கழற்றுவதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகுதான் அந்த மீதி வந்தது.

'உரிமையாளர் அய்யா திரு. தங்கமுத்து அவர்களின் சீரிய வழிகாட்டுதலில், எதிர்பாராத பல நெருக்கடிகள் வெற்றிகரமாகக் கையாளப்பட்டன.' போன் எழுதித் தந்த வரிகளின் தலையில் எல்லாம் அந்த 'அய்யா அவர்களின் சீரிய வழிகாட்டுதலில்' என்பதை நான்தான் ஒட்டியிருந்தேன். தாள் முழுக்க அய்யாதான் இருந்தார்.

அக்சிலியா அதை அடிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"சேலத்துல இருந்தப்பவே பாத்திருக்கேங்க. நாமக்கல்ல இருந்து வர்ற லாரி ஆபீஸ், பண்ணை ஆளுங்க ரெஸ்யூம்ல மட்டும் இது இருக்கும். ஏன்னு கேக்க அப்ப ஆள் கிடைக்கலை. ஏங்க?"

எங்களுக்கு அது கேள்வியே இல்லை. லாரித் தொழிலில் கடிதம் கிடிதம் எல்லாம் சும்மா. புது இடத்தில் சேர்ப்பதற்கு முன் பழைய ஓனருக்கு ஒரு போன் போடுவார்கள். அவர் சொல்கிற ஒரு வார்த்தைதான் எல்லாம். என் தாளில் 'நான் செய்தேன், நான் செய்தேன்' என்று இருந்து, அதை அவரிடம் போனில் வாசித்துக் காட்டினால்? 'அப்ப நான் எதுக்கு இருந்தேனாமா?' என்று அவர் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அதோடு 'நான்' என்று சொன்னாலே எங்கள் பக்கம் தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர். 'அய்யா புண்ணியத்துல நடந்துச்சுங்க' என்றுதான் சொல்லிப் பழக்கம்.

"மரியாதைங்க" என்றேன் சுருக்கமாக.

"மரியாதை சரி. இந்த நெருக்கடின்னு போட்டிருக்கீங்களே, ஒண்ணைச் சொல்லுங்க. அதுல அய்யா என்ன சொல்லி வழிகாட்டுனாரு?"

ஹர்த்தால் கதையைச் சொன்னேன். கேரளாவில் ஒரு சாயங்காலம் திடீரென்று மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது போகும்வரை கடையடைப்பு என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் வண்டிகள் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தன. விடிந்த பிறகு ரோட்டில் முட்டை வண்டி மாட்டினால் கல் வரலாம். ஒரு கல் போதும், முட்டை என்னவாகும்? செய்தி வீட்டில் என் காதுக்கு வந்தபோது ஊரே படுத்துவிட்டது. எல்லையில் வாளையாறு தாண்டாத வண்டிகளை இந்தப் பக்கமே கோயமுத்தூர் ரோட்டில் ஓரங்கட்டச் சொன்னேன். தாண்டிப்போன இரண்டு வண்டிகளை, விடிவதற்குள் அந்தந்த ஊர் வியாபாரியை எழுப்பி, அவர்கள் குடோன் வளாகத்துக்குள் விட்டுக் கதவைப் பூட்ட வைத்தேன். மறுநாள் பொழுது போனதும் எல்லா வண்டிகளும் நகர்ந்தன. ஒரு கண்ணாடி உடையவில்லை.

"டிரைவருங்க வண்டி ஓட்டிக்கிட்டிருப்பாங்களே. போன் எடுத்தாங்களா?"

"பாதிப் பேரு எடுக்கலீங்க. திருப்பித் திருப்பிப் போட்டு, ரெண்டு போனும் சூடாகி, கையில புடிக்க முடியலை."

"ரெண்டு போனையும் ஒரே காதுலயா வச்சீங்க?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு மேலே போனேன்.

"சரி, அய்யா அன்னைக்கு என்ன சொன்னாரு?"

"அவரு... போன் எடுக்கலீங்க."

சென்றாயன் குனிந்து ஆதாரைப் பார்த்தார்.

மற்ற வரிகளுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டார். கேரளா வியாபாரிகளை முதன்முதலில் பிடித்தது யார்? அது நிஜமாகவே ஓனர். தன் இளவயதில் முட்டைத் தட்டைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போய்ப் பிடித்தவர். "அப்ப அது அவரோடது. உங்க தாள்ல அந்த வரி வேண்டாம்" என்று அதை எடுத்தார். மீதி வரிகளில் அய்யாவை எடுத்துவிட்டு, செய்தது எதுவோ அதை எழுதினார். எடுத்துப் போட்டதில் இரண்டு பேருக்கும் மரியாதை குறையவில்லை என்று அவர் சொன்னார். நான் நம்பவில்லை.

"அவரு கேட்டா என்னங்க பண்றது?"

"தெரியலைங்க. அது எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு" என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனுஷிக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வராது.

வீட்டுக்குப் போய் மலர்விழியிடம் காட்டினேன். "இதென்ன, இத்தனூண்டு?" என்றாள். வாசித்துவிட்டு ஹர்த்தால் வரியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கும் பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பழைய மூன்று பக்கத்தையே அனுப்பிவிடலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் நாக்பூரை நினைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை அனுப்பினேன்.

கூப்பிட்டார்கள்.

தீவனக் கம்பெனியில் என்னைப் பார்த்தவர் வீரபாகு என்று ஒரு மேனேஜர். தெற்கத்திக்காரர், பேச்சில் தெரிந்தது. மேஜை மேல் என் தாள் இருந்தது. அதில் ஹர்த்தால் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. நேராக அங்கேதான் வந்தார். முதலில் எந்த வண்டிக்குப் போன் போட்டீர்கள், ஏன் அதற்கு முதலில், குடோன்காரர் சம்மதிக்காவிட்டால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நடந்ததுதானே. 'துடிப்பானவர்' என்று போட்டிருந்தால் இவர் என்ன கேட்டிருப்பார், நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நடுவில் ஒரு நினைப்பு வந்தது.

பிறகு அவர், "உங்க ஓனர்ட்ட ஒரு வார்த்தை பேசிக்கிடலாமா?" என்று சொல்லி, என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். முன்கூட்டி அய்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்காமல் போனேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வீரபாகு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அந்த வரியை அப்படியே தமிழில் வாசித்தார். 'ஹர்த்தால் அறிவித்த இரவு, வழியில் இருந்த வண்டிகளை எல்லைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். எல்லை தாண்டிய இரண்டு வண்டிகளை வியாபாரிகளின் குடோனுக்குள் சேர்த்தேன். சேதமில்லை.' வாசித்துவிட்டு, "இது சரிதானா சார்? இவர் செஞ்சதா, நீங்க சொல்லிச் செஞ்சதா?" என்றார்.

ஸ்பீக்கரில் தங்கமுத்து அய்யாவின் குரல் வந்தது.

"ஏனுங்க, அது எனக்கெப்படித் தெரியுமுங்க? நான் தூங்கிட்டிருந்தனுங்க."

வீரபாகு என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"காலைல எந்திரிச்சு டிவியப் போட்டா ஹர்த்தாலுங்கறான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அவனுக்குப் போன் போட்டா, 'வண்டியெல்லாம் பத்தரமா நிக்குதுங்க அய்யா'ன்னான். நானு மறுக்காப் படுத்துட்டனுங்க. பதினோரு வண்டி ரோட்டுல இருக்கறப்ப எந்த லாரிக்காரனுங்க போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குவான்? நான் தூங்குனனுங்க. அவன் வந்ததுல இருந்து தூங்கறேன்."

வீரபாகு நன்றி சொல்லப் போனார். அய்யா விடவில்லை.

"அவன் எதுக்கும் 'அய்யா சொன்னாரு, அய்யா சொன்னாரு'ம்பானுங்க. நானொண்ணுஞ் சொன்னதில்லை. இப்பவாச்சும் எழுதிப் போட்டானே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்நிய ஊர்க்காரர் முன்னால் அப்படி ஆனது வெட்கமாக இருந்தாலும், ஆகிவிட்டது. வீரபாகு கண்டுகொள்ளாதவர்போலத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேரச் சொன்னார்.

வெளியே வந்து தீவன மூட்டை வாசனைக்கு நடுவில் நின்று மலர்விழிக்குப் போன் போட்டேன். வேலை கிடைத்துவிட்டது, நாக்பூர் இல்லை என்றேன். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். அய்யா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அய்யா தூங்குனாரு, செரி" என்றாள். "நானு முழிச்சிருந்தனே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ரெண்டு போன்ல ஒண்ணு யார் கையில இருந்துச்சு? எடுக்காத டிரைவருக்கெல்லாம் யார் திருப்பித் திருப்பிப் போட்டது? டிரைவர் பொன்னன் எடுக்கலீன்னு அவன் சம்சாரத்த எழுப்பி, கிளீனர் நம்பரை வாங்கி, அவனைப் புடிச்சது நானு. அந்தக் குடோன்காரர்கிட்ட எனக்குத் தெரிஞ்ச அரைகொறை மலையாளத்துல கெஞ்சுனது யாரு? அன்னைக்கு அந்தத் தாளைப் படிச்சப்பவே கேக்கலாம்னு பாத்தேன். வேலை கெடைக்கட்டும்னு உட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. அய்யாவை எடுத்துவிட்டு 'நான்' என்று போட்டபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அவர் இல்லாத இடத்திலெல்லாம் அவர் பெயரை எழுதியவனுக்கு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவள் பெயர் ஞாபகத்துக்கே வரவில்லை. அக்சிலியா 'ஒரே காதுலயா' என்று கேட்டபோதாவது வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் வழியில் ராசிபுரத்தில் இறங்கினேன். அக்சிலியா என்னைப் பார்த்ததும் வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. "அய்யா என்ன சொன்னாரு?" என்றார். சொன்னேன். 'தூங்கறேன்' என்று அவர் சொன்ன வார்த்தையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "இதை நீங்களே எழுதிக்க முடியாதுங்க, அடுத்தவங்க சொன்னாத்தான் உண்டு" என்று ஆண்ட்ரூஸைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார்.

பிறகு மலர்விழி சொன்னதையும் சொன்னேன். சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, மேலே 'மலர்விழி' என்று அடித்தார்.

"அவங்க வேலை தேடலீங்களே" என்றேன்.

"அப்படின்னு அவங்க சொன்னாங்களா?"

இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"ராத்திரியில தெரியாத ஊர்ல அரைகுறையாத் தெரிஞ்ச பாஷையில ஒருத்தரை எழுப்பி, கேட்டைத் திறக்க வச்சிருக்காங்க" என்றார் அக்சிலியா, பெயருக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே. "என்னன்னு சொன்னா திறந்தாரு அவரு?"

"தெரியலீங்க."

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்க வெளிய பெஞ்சில உக்காருங்க. அவங்களே சொல்லட்டும்."